எஸ்.ஆர். பீரோவைத் திறந்து காட்டினார்கள்!

"செல்போனை இந்த மேசை மேலே வச்சுட்டு வாங்க சார். உள்ளே பார்க்கலாம், கேட்கலாம். படம் மட்டும் எடுக்கக் கூடாது."

வாசலிலேயே இந்த நிபந்தனை வந்ததும் எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. மாவட்டத் தலைநகர் ஒன்றில் உள்ள அரசு அலுவலகம் இது. பொதுமக்கள் மனு கொடுக்கும் கூடம் தாண்டி, ஜெராக்ஸ் இயந்திரம் தாண்டி, காலி தண்ணீர் கேன்கள் தாண்டி உள்ளே போனால் 'அ' பிரிவு. பணியமைப்புப் பிரிவு என்பது அதன் முழுப் பெயர். இங்கே மனு வராது, வரிசை நிற்காது. இந்த அலுவலகத்தில் வேலை பார்க்கிறவர்களின் வேலை வாழ்க்கை முழுக்க, சேர்ந்த நாளிலிருந்து ஓய்வு பெறும் மாலை வரைக்கும், இங்கேதான் எழுதப்படுகிறது. ஊழியர்களே எப்போதாவதுதான் எட்டிப் பார்க்கும் அறைக்குள் என்னை விட்டிருக்கிறார்கள். நீங்களும் கூடவே வாருங்கள்.

முதலில் கண்ணில் படுவது நெரிசல். நான்கு மேசை, ஐந்து நாற்காலி, எல்லா மேசையிலும் கோப்பு மலை. சுவரில் இரண்டு காலண்டர். ஒன்றில் ஒவ்வொரு காலாண்டின் முதல் தேதியும் சிவப்பு மையில் வட்டமிடப்பட்டிருக்கிறது. தமிழ்நாட்டு அரசு ஊழியர்களுக்கு ஆண்டு ஊதிய உயர்வு ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் முதல் தேதிகளில் வரும். அந்த வட்டங்கள் வந்தால் இந்த அறைக்கு வியர்க்கும். மூலையில் பச்சை நிற இரும்பு பீரோ. சாவி கண்காணிப்பாளர் அம்மாவின் இடுப்பில். அந்த பீரோவுக்குள்தான் பணிப்பதிவேடுகள் இருக்கின்றன. ஊழியர் உலகம் அதைச் செல்லமாக அழைப்பது 'எஸ்.ஆர்.'

முதல் பக்கத்தில் ஐந்து விரல்கள்

பீரோ திறக்கிறது. அந்துருண்டை வாசனை குப்பென்று முகத்தில் அடிக்கிறது. நீளவாட்டில் அடுக்கிய தடித்த பதிவேடுகள், முதுகில் எண், பழுப்புக் காகித அட்டை. கையை நீட்டப் போன என்னை உதவியாளர் சிரித்துக்கொண்டே தடுக்கிறார். "அதெல்லாம் ஆளுங்க உள்ள புக்கு சார். உங்களுக்கு ஒரு புதுசு காட்டுறேன்." எழுதாத வெற்றுப் பதிவேடு ஒன்று மேசைக்கு வருகிறது.

முதல் பக்கமே அசத்தல்! பெயர், தந்தை பெயர், சொந்த ஊர், பிறந்த தேதி, உயரம், உடலில் உள்ள அங்க அடையாளங்கள். அதற்குக் கீழே இடது கைப் பெருவிரலும் மற்ற விரல்களும் ரேகை வைக்க இடம். புதிதாகச் சேர்கிற பிள்ளைகள் ஐந்து விரலிலும் மை பூசி அழுத்திவிட்டு, கையை எங்கே துடைப்பது என்று தெரியாமல் நிற்பார்களாம். அதற்காகவே இழுப்பறையில் பழைய வேட்டித் துணி கிழித்து வைத்திருக்கிறார் அலுவலக உதவியாளர். ஒருவர் மை விரலோடு அப்படியே டீ டம்ளரைப் பிடித்துவிட்டார், அந்த டம்ளரில் இன்னும் கறை போகவில்லை என்று சொல்லி அறையே சிரிக்கிறது.

பிறந்த தேதிக்கு வந்ததும் சிரிப்பு நிற்கிறது. அதை எண்ணாலும் எழுத்தாலும் எழுத வேண்டும். பள்ளிச் சான்றை மூலமாகப் பார்த்துத்தான் எழுத வேண்டும். ஊழியர் வாயால் சொல்வதை எழுதக் கூடாது. ஏன் இவ்வளவு கெடுபிடி? அந்த ஒரு வரிதான் அவர் எந்த மாதத்தின் கடைசி நாளில் வீட்டுக்குப் போவார் என்பதை முடிவு செய்கிறது. பிறந்த தேதியில் தவறு என்று ஊழியர் நினைத்தால் பணியில் சேர்ந்த ஐந்து ஆண்டுக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்பது தமிழ்நாட்டு விதி. "ரிடையர் ஆகுறதுக்கு ஆறு மாசம் இருக்கும்போது சில பேருக்கு நிஜமான பிறந்த தேதி ஞாபகம் வரும்" என்கிறார் உதவியாளர். அந்த வாசல் அடைபட்டு எத்தனையோ வருடம் ஆகியிருக்கும்.

சரி, எழுதும்போதே கை தவறினால்? வெள்ளை மை இங்கே தீண்டத் தகாத பொருள். பிளேடால் சுரண்டுவது, மேலேயே அழுத்தி எழுதுவது இரண்டுக்கும் தடை. தவறான சொல்லின் மேல் ஒரே ஒரு கோடு, அடியில் இருப்பது படிக்கும்படியாக. பக்கத்தில் சரியானது. அதற்கு நேரே அலுவலரின் கையொப்பமும் தேதியும், எந்த ஆணைப்படி திருத்தம் என்ற எண்ணும். திருத்தம் நடந்ததை மறைக்காத திருத்தம்தான் செல்லும். பதினைந்து வருடம் கழித்து இந்தப் பக்கத்தைப் புரட்டுகிற கணக்காயர் அலுவலகத்து ஆளுக்கு, யார் மாற்றினார், ஏன் மாற்றினார் என்று கேட்க எதிரே ஆள் இருக்காது. அவருக்கு அந்தப் பக்கமே பதில் சொல்ல வேண்டும்.

இப்போது கணினியும் வந்துவிட்டது. பதிவேட்டில் உள்ளதெல்லாம் அரசின் ஒருங்கிணைந்த நிதி, மனிதவள மென்பொருளிலும் ஏறியிருக்கிறது. ஊழியர்கள் 'களஞ்சியம்' செயலியில் சம்பளச் சீட்டைப் பார்த்துக்கொள்கிறார்கள். அப்படியானால் தவறு குறைந்ததா? இளநிலை உதவியாளர் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டே பதில் சொல்கிறார்: "தப்பு குறையல சார், தப்பு ரெண்டு இடத்துல இருக்க முடியுது." புத்தகத்தில் ஒரு தலைப்பெழுத்து, திரையில் இரண்டு, வங்கிக் கணக்கில் தலைப்பெழுத்து பெயருக்குப் பின்னால். அதனால் ஒருவர் புத்தகத்தை உரக்கப் படிக்க, மற்றவர் திரையைப் பார்த்து 'சரி' சொல்கிறார். தட்டச்சு செய்தவரே தன் தட்டச்சைச் சரிபார்க்கக் கூடாது என்பது இந்த அறையின் சட்டம். நான் இருந்தபோதே ஒரு தேதி சிக்கியது. புத்தகத்தில் 11, திரையில் 1. 'சரி' வராமல் நின்ற அந்த ஒரு நொடி அமைதிக்குப் பிறகு, "பிடிச்சாச்சு!" என்று திரையைப் பார்த்தவர் மேசையைத் தட்டிய சந்தோஷத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

காணாமல் போன பன்னிரண்டு மாதம்

இனி, இந்த அறை இன்றும் பெருமையாகச் சொல்லும் கதை. பெயரையும் ஊரையும் எடுத்துவிட்டுத்தான் எனக்குச் சொன்னார்கள்.

ஒரு உதவியாளர். 1994 அக்டோபர் 1 அன்று பணியில் சேர்ந்தவர்; 2024 ஜூலை 31 அன்று ஓய்வு. கணக்குப் போட்டால் 29 ஆண்டு 10 மாதம். ஓய்வூதியத்துக்கான பணிக்காலத்தை அரையாண்டு அரையாண்டாக எண்ணுவார்கள்; மீதி நிற்பது மூன்று மாதமோ அதற்கு மேலோ என்றால் அதையும் ஓர் அரையாண்டாகச் சேர்த்துக்கொள்வார்கள். ஆக அவருக்கு 60 அரையாண்டு. முழு ஓய்வூதியத்துக்குத் தேவையும் சரியாக அதே 60. மனிதர் நிம்மதியாக இருந்தார்.

ஓய்வூதியக் கருத்துரு சென்னையில் உள்ள மாநிலக் கணக்காயர் அலுவலகத்துக்கு ஓய்வுக்குப் பல மாதம் முன்பே போக வேண்டும். கூடவே பணிப்பதிவேடும் போகும். அனுப்புவதற்கு முன் கண்காணிப்பாளர் அம்மா ஒவ்வொரு பக்கமாகப் புரட்டுகிறார். அவர் தேடுவது ஒரே ஒரு வாசகத்தை: இந்த ஆண்டுக்கான பணி, சம்பளப் பட்டியலுடன் ஒப்பிட்டுச் சரிபார்க்கப்பட்டது. ஒவ்வொரு நிதியாண்டு முடிந்ததும் இந்த வாசகத்தை எழுதி அலுவலர் கையொப்பமிட வேண்டும். 1996-97 இருக்கிறது. 1997-98 இருக்கிறது. அடுத்த பதிவு 1999-2000.

1998-99 எங்கே?

இந்த இடத்தில் கண்காணிப்பாளர் அம்மா கதையை நிறுத்திவிட்டு டீ ஆர்டர் செய்தார். என் பதற்றத்தைப் பார்த்து அத்தனை பேருக்கும் குஷி.

பன்னிரண்டு மாதம் சரிபார்க்கப்படவில்லை என்றால், அந்தப் பன்னிரண்டு மாதம் கணக்கில் ஏறாது. 60 அரையாண்டு 58 ஆகிவிடும். கடைசி அடிப்படைச் சம்பளம் 60,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், முழு ஓய்வூதியம் அதில் பாதி, 30,000. அறுபதில் ஐம்பத்தெட்டு பங்கு என்றால் 29,000. மாதம் ஆயிரம் ரூபாய் இழப்பு, அதன் மேல் வரவேண்டிய அகவிலைப்படியும் சேர்த்து, அவர் ஆயுள் முழுக்க. அவர் வேலை பார்த்தார், சம்பளம் வாங்கினார். அந்த வருடத்துக்கு ஒரு வரி எழுத யாரோ மறந்தார்கள். இவ்வளவுதான் நடந்தது.

ஏன் மறந்தார்கள் என்பதும் பதிவேட்டிலேயே தெரிந்தது. 1998 ஆகஸ்ட் 12 பிற்பகல் ஓர் அலுவலகத்திலிருந்து விடுவிப்பு. ஆகஸ்ட் 17 முற்பகல் இந்த அலுவலகத்தில் பணியேற்பு. ஆண்டின் நடுவில் மாறுதல்! பழைய அலுவலகம், 'வருடம் முடியும்போது அங்கே எழுதிக்கொள்வார்கள்' என்று விட்டிருக்கிறது. இந்த அலுவலகம், 'நமக்கு முன்பிருந்த மாதங்களுக்கு நாம் எப்படிக் கையொப்பமிடுவது' என்று விட்டிருக்கிறது. சரிபார்ப்பு விடுபடும் இடம் பெரும்பாலும் இந்த மாறுதல் மாதம்தான் என்கிறார் 'அ' பிரிவு உதவியாளர். இப்போது இங்கே யாரை விடுவித்தாலும், அந்த நாள் வரைக்குமான சரிபார்ப்பை எழுதாமல் பதிவேடு வாசல் தாண்டாது.

பதிவறையில் வேட்டை

வாருங்கள், பதிவறைக்குப் போவோம். படிக்கட்டுக்குக் கீழே தாழ்வான கதவு. பதிவறை எழுத்தர் தலையில் துண்டு கட்டிக்கொண்டு தயாராக நிற்கிறார். எனக்கும் ஒரு துண்டு தருகிறார். உள்ளே கூரை வரைக்கும் இரும்பு அடுக்குகள். துணியில் கட்டிய மூட்டைகள், ஒவ்வொன்றின் முகத்திலும் ஆண்டு எழுதிய சீட்டு. மின்விசிறி உண்டு, போடுவதில்லை. போட்டால் சீட்டுகள் பறக்கும். ஐந்தே நிமிடத்தில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

"1998 சம்பளப் பட்டியல் எங்கே இருந்துச்சு தெரியுமா சார்? அதோ, அந்த மேல் தட்டு, சுவரோரம். கரையான் பயத்துல சுவரை விட்டு ஒரு ஜாண் தள்ளி வச்சிருந்தேன். அதான் தப்பிச்சுது." அண்ணன் அந்த இடத்தை ஒரு கோயில் போலக் காட்டுகிறார்.

அன்று இந்த அறையில் மூட்டையைப் பிரித்தார்கள். ஆகஸ்ட் முதல் மார்ச் வரைக்குமான எட்டு மாதப் பட்டியல்கள் கிடைத்தன. அந்தக் காலத்தில் சம்பளம் கையில் ரொக்கமாகக் கொடுப்பார்கள். வாங்கியதற்கு அடையாளமாக அக்விட்டன்ஸ் பட்டியலில் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி அதன் மேல் கையெழுத்து. மாதத்துக்கு ஒன்றாக எட்டு கையெழுத்து, அதே ஆள், அதே சாய்வு. பட்டியலோடு இணைத்து வைத்திருந்த எல்.பி.சி. எனும் முன் ஊதியச் சான்றில், ஜூலை 31 வரை பழைய அலுவலகத்தில் சம்பளம் தரப்பட்டது என்று இருந்தது. அந்த ஒரு தாள் இரண்டு அலுவலகங்களையும் இணைத்துவிட்டது.

மீதி ஏப்ரல் முதல் ஜூலை வரைக்கும் நான்கு மாதம். பழைய அலுவலகத்துக்குக் கடிதம் போனது, ஆளும் போனார். அங்கேயும் மூட்டை இருந்தது. சரிபார்ப்பு எழுதி, சான்று கொடுத்தார்கள். அப்புறமும் விடவில்லை கண்காணிப்பாளர் அம்மா. ஆகஸ்ட் 13, 14, 15, 16 ஆகிய நான்கு நாள்? மனிதர் எந்த அலுவலகத்திலும் இல்லையே! 15 சுதந்திர தினம், 16 ஞாயிறு. 13, 14 பயணமும் வீடு மாற்றமும். இதற்குப் பணியேற்பிடைக் காலம் என்று பெயர், அதுவும் பணிதான். ஆனால் அப்படி ஒரு வரி எழுதியிருந்தால்தான் பணி. பார்த்தார்கள், எழுதியிருந்தது. யாரோ ஒரு பழைய எழுத்தர் அதை மட்டும் மறக்கவில்லை. அவர் யாரென்று இங்கே யாருக்கும் தெரியாது. கதை சொல்லும்போதெல்லாம் அவருக்கு ஒரு நன்றி சொல்லிவிடுகிறார்கள்.

கருத்துரு போனது. 60 அரையாண்டு, முழு ஓய்வூதியம். அந்த உதவியாளர் விடைபெறும் நாளில் மாலையை முதலில் பதிவறை எழுத்தர் கழுத்தில்தான் போட்டாராம்.

பதிவறையை விட்டு வெளியே வரும்போது நான் கேட்டேன்: இருபத்தைந்து வருடத்துக்கு முந்தைய சம்பளப் பட்டியலை எதற்கு வைத்திருந்தீர்கள்? அண்ணனுக்கு ஆச்சரியம். "அந்த வருஷம் வேலைக்குச் சேர்ந்தவர் இன்னும் ரிடையர் ஆகலையே சார்!" மத்திய அரசு அலுவலகங்களுக்கான பொது நிதி விதிகளில் சம்பளப் பட்டியல் பதிவேட்டுக்கு 35 ஆண்டு ஆயுள் கொடுத்திருக்கிறார்கள். எதற்கு அவ்வளவு நீண்ட காலம் என்று இந்தக் கதையைக் கேட்ட பிறகு விளங்கிவிடுகிறது: அது ஒரு மனிதரின் முழு வேலைக்காலம். அவர் பணிப்பதிவேடு தொலைந்தாலும் எரிந்தாலும் அதைத் திரும்ப எழுத உதவும் கடைசிச் சாட்சி இந்தப் பட்டியல்தான்.

உறைக்குள் போகும் தாள்கள்

மேலே வந்தால் தொலைபேசி அலறுகிறது. யாரோ ஒருவர், இந்த அலுவலக ஊழியர் ஒருவரின் சம்பளத்தையும் வீட்டு முகவரியையும் கேட்கிறார், கடன் சரிபார்ப்பாம். உதவியாளர் குரல் தேன் மாதிரி இனிக்கிறது, பதில் மட்டும் வருவதில்லை. "எழுத்துல கேளுங்க சார், சம்பந்தப்பட்டவர் கையெழுத்தோட." வைத்துவிட்டு என்னைப் பார்க்கிறார். "ஆமா, இல்லைன்னுகூடச் சொல்லலை, கவனிச்சீங்களா? அந்தப் பேர்ல ஒருத்தர் இங்கே இருக்கார்ங்கிறதே ஒரு தகவல்."

மேசையில் ஒரு தகவல் உரிமை மனு. கேட்டவர் வெளியாள், கேட்டிருப்பது ஓர் ஊழியருக்குக் கொடுத்த குறிப்பாணைகளும் தண்டனை விவரமும். 2012இல் கிரீஷ் ராம்சந்திர தேஷ்பாண்டே வழக்கில் உச்ச நீதிமன்றம், இவையெல்லாம் ஊழியருக்கும் அவரை வேலைக்கு வைத்தவருக்கும் இடையிலான விஷயம், தனிப்பட்ட தகவல் என்று சொன்னது. பெரிய பொதுநலன் இருந்தால்தான் வெளியே தர வேண்டும் என்றும் சொன்னது. ஆகவே பதில் கடிதம் கவனமாக எழுதப்படுகிறது. அதே ஊழியர் தன்னுடையதைக் கேட்டால் நிலைமையே வேறு. தன்னைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க அவருக்கு இங்கே நாற்காலி போட்டுக் கொடுக்கிறார்கள், கண்ணெதிரே உட்கார்ந்து புரட்டச் சொல்லி.

எனக்கு ரொம்பவும் பிடித்தது விடுப்புப் பக்கம். வெற்றுப் பதிவேட்டில் அதை எப்படி நிரப்புவது என்று பென்சிலால் எழுதிக் காட்டினார்கள்: 'மருத்துவச் சான்றின் பேரில் ஈட்டா விடுப்பு', எத்தனை நாள், எந்த ஆணை எண். அவ்வளவுதான். நோயின் பெயர் பணிப்பதிவேட்டில் ஏறுவதில்லை. மருத்துவச் சான்று விடுப்புக் கோப்பில் தனியாக, அதுவும் உறையில். ஏனென்றால் பணிப்பதிவேடு பல கைக்குப் போகும்: மாறுதலில் அடுத்த ஊருக்கு, ஊதிய நிர்ணயத்துக்குக் கணக்குப் பிரிவுக்கு, கடைசியில் சென்னைக்கு. அந்தக் கைகளில் ஒன்றுக்குக்கூட அவருக்கு என்ன நோய் என்று தெரியத் தேவையில்லை. எத்தனை நாள் என்று தெரிந்தால் கணக்குப் போட்டுவிடலாம்.

இன்னொரு உறை பீரோவின் உள்ளறையில், அரக்கு முத்திரையோடு. அதைத் தூரத்திலிருந்து விரலால் மட்டும் சுட்டினார் கண்காணிப்பாளர் அம்மா. பணியிடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் தொல்லை குறித்த புகார்கள் அப்படித்தான் இருக்க வேண்டும். 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் 16ஆம் பிரிவு, புகார் கொடுத்தவர் பெயர், எதிர்த்தரப்பு, சாட்சிகள், விசாரணை விவரம் எதையும் வெளியே விடக் கூடாது என்கிறது. சாதாரணக் கோப்பாக மேசை மேசையாய்ப் போனால், வழியில் இருக்கும் ஒவ்வொரு மேசையும் படிக்கும். ஆகவே அதற்கு மேசைப் பயணமே கிடையாது. குழுத் தலைவரிடமிருந்து நேரே அலுவலரிடம், அங்கிருந்து இந்த உள்ளறைக்கு.

பீரோக் கதவின் உட்புறம் ஒரு நோட்டு கயிற்றில் தொங்குகிறது. எந்தப் பதிவேடு, யார் எடுத்தார், எதற்கு, எப்போது திரும்பியது. நான் பார்த்தபோது ஒரே ஒரு வரி மட்டும் திரும்பாமல் நின்றது. சாயங்காலம் ஐந்தரை ஆனதும் கண்காணிப்பாளர் அம்மா அந்த வரியைக் காட்டி ஒரே ஒரு பார்வை பார்த்தார். இரண்டு நிமிடத்தில் அடுத்த பிரிவிலிருந்து பதிவேடு ஓடி வந்தது!

நான்கு குவியல்

கடைசியாக, நான் காத்திருந்த காட்சி. தரையில் பாய் விரித்து, முடிந்த கோப்புகளை நான்காகப் பிரிக்கிறார்கள். தமிழ்நாட்டு அலுவலகங்களில் கோப்பை முடிக்கும்போதே அதன் ஆயுளையும் எழுதிவிடுவார்கள். ஓ.மு. என்றால் ஓராண்டு. மூ.மு. மூன்றாண்டு. ப.மு. பத்தாண்டு. நி.மு. என்றால் நிரந்தரம். மாவட்ட அலுவலக நடைமுறை நூல் பழைய காலத்திலேயே வகுத்த எல்.டிஸ்., கே.டிஸ்., டி.டிஸ்., ஆர்.டிஸ். இவைதான், பெரியவர்கள் இன்றும் அந்தப் பெயரில்தான் கூப்பிடுகிறார்கள்.

நினைவூட்டுக் கடிதங்கள் ஓ.மு. குவியலில் தொப் தொப்பென்று விழுகின்றன. ஒரு விடுப்புக் கோப்பு வருகிறது. இளநிலை உதவியாளர் மூ.மு. என்று எழுதப் போகிறார். "நில்லு நில்லு," என்கிறார் உதவியாளர், "எஸ்.ஆர்.ல ஏத்திட்டியா?" பார்த்தால், ஏற்றவில்லை. கோப்பு குவியலுக்குப் போகாமல் மேசைக்குத் திரும்புகிறது. ஆணை பதிவேட்டில் ஏறிய பிறகுதான் கோப்பின் கடிகாரம் ஓடத் தொடங்க வேண்டும். ஏறுவதற்கு முன்பே கோப்பை அனுப்பிவிட்டால், மூன்று வருடத்தில் அந்த விடுப்புக்கு எங்கேயும் ஆதாரம் இருக்காது.

அடுத்து தடித்த கோப்பு ஒன்று. 17(ஆ) ஒழுங்கு நடவடிக்கை, விசாரணை முடிந்து தண்டனையும் கொடுத்தாயிற்று. இதற்கு ஒரு சண்டையே நடந்தது! பத்தாண்டு போதும் என்கிறார் ஒருவர்: தண்டனை பதிவேட்டில் ஏறிவிட்டது. நிரந்தரம் என்கிறார் மற்றவர்: பதிவேட்டில் இருப்பது முடிவு மட்டும்தான், எப்படி அந்த முடிவுக்கு வந்தார்கள், சாட்சி என்ன சொன்னார், ஊழியருக்குப் பதில் சொல்ல வாய்ப்புக் கொடுத்தார்களா என்பதெல்லாம் இந்தக் கோப்பில்தான் இருக்கிறது. நீதிமன்றம் கேட்டால் அதைத்தான் கேட்கும். கண்காணிப்பாளர் அம்மா இருவரையும் கேட்டுவிட்டு ஒரே கேள்வி போட்டார்: "மேல்முறையீடு முடிஞ்சுதா?" முடியவில்லை. ஆகவே இது எந்தக் குவியலுக்கும் போகாது. வழக்கோ தணிக்கைத் தடையோ நிலுவையில் இருக்கும் கோப்புக்கு ஆயுள் எழுதும் நேரமே வரவில்லை என்று அர்த்தம். அது நடப்புக் கோப்பாகவே பீரோவுக்குத் திரும்பியது.

அப்புறம் பாய்க்கு ஓரத்தில் ஐந்தாவதாக ஒரு குவியல் வளர்ந்தது, அதற்குப் பெயரே இல்லை. ஆதார் நகல்கள், சாதிச் சான்று நகல்கள், வங்கிப் புத்தக முதல் பக்கங்கள். ஒரே ஆளின் ஆதார் நகல் பல கோப்புகளில்! ஒவ்வொரு விண்ணப்பத்தோடும் கேட்டு வாங்கி, பார்த்து முடித்த பிறகும் யாரும் எடுத்துப் போடவில்லை. எதையும் தூக்கிப் போடாமல் வைத்திருப்பது பாதுகாப்பு என்று நானும் நினைத்திருந்தேன். இங்கே அதற்கு நேர்மாறாகச் சொல்கிறார்கள். தேவைக்கு மேல் இருக்கும் ஒவ்வொரு நகலும் ஜன்னல் வழியாகப் பறக்கக் கூடிய, பஜ்ஜி மடிக்கப் போகக் கூடிய நகல். ஆகவே எண்ணி, பட்டியல் எழுதி, அலுவலர் கையொப்பம் வாங்கி, இயந்திரத்தில் கொடுத்து நறுக்குகிறார்கள். பழைய காகிதக் கடைக்கு முழுத் தாளாக எதுவும் போவதில்லை. இயந்திரம் பாதியில் சூடாகி நின்றுவிட, அதற்கு அட்டையால் விசிறிவிட்டார் அலுவலக உதவியாளர். அதுவும் இரண்டு இருமல் இருமிவிட்டு மறுபடி ஓடியது.

குவியல்கள் கட்டப்பட்டு, கை கழுவி, இரண்டாவது டீ வந்தபோது கண்காணிப்பாளர் அம்மாவிடம் கேட்டேன்: ஆயுளை எப்படி முடிவு செய்கிறீர்கள்? "இந்தத் தாளைக் கேட்டு கடைசியா யார் வருவாங்கன்னு யோசிப்பேன் சார். அந்த ஆள் வந்து போற வரைக்கும் தாள் இருக்கணும். அதுக்கப்புறம் ஒரு நாள்கூட இருக்கக் கூடாது."

நீங்கள் அரசு ஊழியர் என்றால், உங்கள் கையில் இருக்கும் நகல் பணிப்பதிவேட்டை இந்த வாரமே எடுத்துப் பாருங்கள். அந்த அறையில் எனக்குச் சொல்லிக் கொடுத்த நான்கு இடங்கள் இவை. முதல் பக்கத்தில் பெயரும் பிறந்த தேதியும் பள்ளிச் சான்றோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப் போகிறதா? ஒவ்வொரு நிதியாண்டுக்கும் சரிபார்ப்பு வாசகம் இடைவெளி இல்லாமல் இருக்கிறதா? மாறுதல் நடந்த மாதங்களில் முற்பகல், பிற்பகல், பணியேற்பிடைக் காலம் மூன்றும் எழுதியிருக்கிறதா? கடைசியாக எடுத்த விடுப்பு ஏறியிருக்கிறதா? ஏதாவது ஒன்றில் சந்தேகம் வந்தால் இப்போதே 'அ' பிரிவுக்கு எழுத்தில் கொடுங்கள். அந்த வருடத்துச் சம்பளப் பட்டியல் இன்னும் மூட்டையில் இருக்கும்போதே கேட்டால், அவர்கள் தலையில் துண்டு கட்டிக்கொண்டு தேடி எடுத்துவிடுவார்கள்.